ஒரு சிகரெட் தவிப்பைப் பற்றவைக்காமல் பார்ப்பது எப்படி

பத்தாங் பெர்ஜுந்தை என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்கிற பெஸ்தாரி ஜெயா பக்கம்தான் எங்கள் ஊர். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் செம்பனை மில்லுக்கு முன்னால் லோரிகள் வரிசைகட்டி நிற்கும். குலை ஏற்றி வந்த வண்டிகள், எடை போடக் காத்திருப்பவை. முன்வண்டி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும், அதனால் இறங்கி எங்கேயும் போக முடியாது. செய்யவும் ஒன்றுமில்லை. என் மச்சான் அந்த வரிசையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறான். ஹேண்ட்பிரேக்கை இழுக்கிற சத்தம் கேட்டதும் அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். சிகரெட் வேண்டும் என்று மனசு நினைப்பதற்கு முன்பே பெட்டி கைக்கு வந்திருக்கும்.

நான் தோட்டத்து மருந்தகத்தில் டிரஸராக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்து கொடுக்கிற கையாலேயே இருபது வருஷம் சிகரெட் பிடித்தவனும்கூட. அதனால் இங்கே சொல்லப்போவது, தவிப்பு வரும்போது அதை அடக்காமலும் அதற்கு அடங்காமலும் கூட இருந்து பார்க்கிற ஒரு முறை. உள்ளே நடப்பதை நடக்கும்போதே கவனிக்கிற மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியின் ஒரு பகுதி இது. ஆங்கிலத்தில் 'அர்ஜ் சர்ஃபிங்', அலைமேல் சறுக்குவது என்று பொருள். ஆலன் மார்லாட் என்ற அமெரிக்க உளவியலாளர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் போதைப் பழக்கங்களை ஆராய்ந்தவர், இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தவிப்பு ஓர் அலை, எழும், உச்சிக்குப் போகும், விழும், நீ பலகைமேல் நின்று அதோடு போ, மூழ்காதே என்பது அவர் சொன்ன உவமை.

நமக்கு அந்த உவமை கொஞ்சம் தூரம். கோலசிலாங்கூர் கரைக்குப் போனால் சேறும் கண்டல் மரமும்தான். பலகை வைத்துச் சறுக்கிய ஆளை நான் நேரில் பார்த்ததில்லை. மழையைச் சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். மூன்று மணிக்கு வானம் கறுத்து, தகரக் கூரைமேல் அடித்துக் கொட்டுகிறது. அப்போது யாரும் மழையோடு சண்டை போடுவதில்லை, 'நின்னுச்சா, நின்னுச்சா' என்று கேட்டு அதை நிறுத்தவும் முடியாது. தாழ்வாரத்தில் நின்று பார்க்கிறோம். வலுக்கிறது, குறைகிறது, விட்டுவிட்டது என்று நினைக்கும்போது இன்னொரு பாட்டம் வருகிறது, அப்புறம் ஓய்கிறது. மச்சானுக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள். தினமும் சம்சுவோ மற்ற மதுவோ நிறையக் குடிப்பவர், காலையில் ஒரு மடக்கு உள்ளே போகாவிட்டால் கை நடுங்குகிறவர், இந்த முறையை நம்பி ஒரே நாளில் குடியை நிறுத்தக் கூடாது. கடைசிக் குடிக்குப் பிறகு சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் குழம்பி, இல்லாததை எல்லாம் பார்க்கத் தொடங்கலாம், அது உயிருக்கே ஆபத்து. இது தவிப்பு அல்ல, குடி திடீரென்று நின்றதால் உடம்புக்கு வருகிற விலகல் நோய், பார்த்துக்கொண்டிருந்தால் ஓயாது. அவருக்கு மருத்துவமனைதான் வழி, அங்கே மருந்து கொடுத்துப் பத்திரமாக இறக்குவார்கள். சிகரெட்டை நிறுத்துவது எரிச்சலைத் தரும், தூக்கத்தைக் கெடுக்கும், ஆனால் இந்த மாதிரி ஆபத்தைத் தராது. அதனால்தான் புதிதாகப் பழகுகிறவருக்குச் சிகரெட்டை எடுத்துக்கொள்கிறேன்.

எந்தச் சிகரெட்டில் தொடங்குவது

எல்லாச் சிகரெட்டிலும் ஒரே நாளில் இறங்காதீர்கள். நாளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காலை எழுந்ததும் பிடிக்கிற முதல் சிகரெட் வேண்டாம். ரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் மிச்சம் சொற்பம்தான், அந்தத் தவிப்பு நாளிலேயே முரட்டுத் தவிப்பு. நீச்சல் பழகுகிறவனை வெள்ளத்தில் இறக்குவது போல ஆகிவிடும். பசியோடு இருக்கிற நேரமும் வேண்டாம், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நேரமும் வேண்டாம்.

உட்கார இடமும் அரை மணி நேரமும் கிடைக்கிற, தவிப்பு நடுத்தரமாக வருகிற ஒரு வேளையாகப் பாருங்கள். மச்சானுக்கு மில் வரிசை அப்படி அமைந்தது. வண்டி நிற்கிறது, அவன் உட்கார்ந்திருக்கிறான், கண்ணுக்கு வேலையில்லை. வண்டி ஓட்டும்போது இதைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

வேப் பிடிப்பவர்கள் ஒரு சங்கடத்தைச் சந்திப்பார்கள். சிகரெட்டுக்காவது ஆரம்பமும் முடிவும் உண்டு. வேப் நாள் முழுக்கக் கையிலேயே இருக்கிறது, ஓர் இழுப்பு இழுத்தது நினைவிலேயே நிற்காது. அவர்கள் முதலில் அதை வண்டியின் பின்பக்கமோ வீட்டு அலமாரியிலோ வைத்து, எழுந்து போய்த்தான் எடுக்க வேண்டும் என்று ஆக்கிக்கொள்ள வேண்டும். தவிப்புக்கும் கைக்கும் நடுவே இடைவெளி இருந்தால்தான் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும். சிகரெட் பெட்டியும் சட்டைப் பையில் வேண்டாம்.

தவிப்பு இல்லாத நேரத்துப் பயிற்சி

நான்கைந்து நாள், தினமும் ஐந்து நிமிஷம் போதும். நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள், கண்ணை மூட வேண்டும் என்றில்லை. மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எந்த இடத்தில் நன்றாக உணர்கிறீர்களோ, மூக்கு நுனியோ வயிறோ, அங்கே கவனத்தை வையுங்கள். மூச்சை நீட்டவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம், பிராணாயாமம் செய்யப் போவதில்லை. அரை நிமிஷத்தில் மனசு கடன் தவணைக்கோ பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கோ ஓடியிருக்கும். ஓடியது தெரிந்ததும் திரும்பி வாருங்கள். அந்தத் திரும்பி வருவதுதான் பயிற்சி. மனசு ஓடாமல் இருந்தால்தான் சரி என்று பலர் நினைத்து மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். ஐந்து நிமிஷத்தில் முப்பது தடவை ஓடி முப்பது தடவை திரும்பியவர் நன்றாகவே செய்திருக்கிறார்.

தவிப்பு வந்ததும்

மணியைப் பாருங்கள், குறித்துக்கொள்ளுங்கள். தவிப்பு எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கொடுங்கள். பத்து என்றால் இப்போதே பற்றவைக்காவிட்டால் தாங்காது என்ற நிலை. எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, மனசில் தோன்றுகிற முதல் எண் போதும்.

அடுத்ததுதான் இந்த முறையின் உயிர், இங்கே அவசரப்படாதீர்கள். 'எனக்குச் சிகரெட் வேண்டும்' என்பது ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு, அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் தொண்டைக்குக் கீழே ஓர் இறுக்கம், நெஞ்சில் ஒரு வெறுமை, வாயில் எச்சில், தாடையில் கடிப்பு, விரல் நுனியில் ஒரு பரபரப்பு, இவற்றில் ஒன்றாக இருக்கும். பல இடத்தில் இருந்தால் எது மிகவும் ஓங்கி இருக்கிறதோ அந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதைப் பற்றி உங்களையே கேளுங்கள்: எவ்வளவு பெரியது, உள்ளங்கை அகலமா, ஐம்பது காசு அகலமா? சூடா, குளிர்ச்சியா? ஒரே இடத்தில் நிற்கிறதா, நகர்கிறதா? ஓரம் எங்கே முடிகிறது? இதை நோயாளியைப் பார்க்கிற டிரஸர் கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். திட்டவும் வேண்டாம், பரிதாபப்படவும் வேண்டாம்.

மச்சான் முதல் நாள் சொன்ன பதில்: "தொண்டைக்குழிக்குக் கீழ மாமா, வேகாத மரவள்ளிக் கிழங்கை முழுங்கின மாதிரி." இதுதான் வேண்டியது. 'ரொம்பக் கஷ்டமா இருக்கு' என்று மட்டும் சொல்லியிருந்தால் அவன் இன்னும் பார்க்கத் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கு தொண்டையில் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் மூச்சு வந்து போகிறது, அவ்வளவுதான். அலை உவமையில் மூச்சுதான் பலகை, நம் உவமையில் தாழ்வாரம். தவிப்பு வலுத்து இழுக்கும்போது கவனத்தை மூச்சுக்குக் கொண்டுவந்து நாலைந்து மூச்சு இளைப்பாறி, மறுபடி அந்த இடத்துக்குப் போகலாம்.

நடுவில் எண்ணங்கள் வரும். 'ஒண்ணே ஒண்ணுதான்', 'இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, நாளைக்குப் பார்க்கலாம்', 'இதெல்லாம் படிச்சவங்களுக்கு'. எதற்கும் பதில் சொல்லாதீர்கள், பதில் சொன்னால் வழக்கு நீளும். 'ஓர் எண்ணம் வந்தது' என்று குறித்துக்கொண்டு உடம்புக்குத் திரும்புங்கள். படம் வந்தால் இன்னும் உஷார். பெட்டியைத் திறப்பது, முதல் இழுப்பு, புகை வெளியே போவது என்று மனசு சினிமா ஓட்டும். அப்படிக் கற்பனையில் பிடிப்பது தவிப்புக்கு எண்ணெய் ஊற்றுவது மாதிரி, அதை நீட்டிக்கும். நாம் பார்க்க வேண்டியது தொண்டையில் இருக்கிற கிழங்கை, தலைக்குள் ஓடுகிற சிகரெட்டை அல்ல.

மூன்று நான்கு நிமிஷத்துக்கு ஒருமுறை மணியும் எண்ணும் குறியுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு எடைச் சீட்டின் பின்பக்கம்

மச்சான் மூன்றாம் நாள் எழுதியது என்னிடம் இருக்கிறது. பழைய எடைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில், எண்ணெய்க் கறையோடு. 4.42க்கு 5. 4.45க்கு 8, பக்கத்தில் 'கிழங்கு' என்று எழுதியிருக்கிறான். 4.49க்கு 6. 4.53க்கு மறுபடி 8. 4.58க்கு 5. 5.06க்கு 2. அப்போது அவன் முறை வந்துவிட்டது, வண்டியை எடைமேடையில் ஏற்றினான். இருபத்து நான்கு நிமிஷம், சிகரெட் இல்லை.

இந்தச் சீட்டில் 4.53தான் முக்கியம். இறங்கி வந்த எண் ஏன் ஏறியது? கேட்டேன். பக்கத்து லோரிக்காரர் பற்றவைத்திருக்கிறார், புகை ஜன்னல் வழியாக வந்திருக்கிறது. முறை தோற்றுவிட்டது என்றுதான் மச்சான் நினைத்தான். உண்மையில் அது இரண்டாவது பாட்டம் மழை. தூண்டுகிற பொருள் பக்கத்திலேயே இருந்தால் தவிப்பு ஓய்ந்து முடிக்காமல் திரும்பத் திரும்ப எழும். தவிப்பு இருபது முப்பது நிமிஷத்தில் அடங்கிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள், பெரும்பாலும் அதற்கு முன்பே இறங்கிவிடும். ஆனால் அது யாரும் எண்ணெய் ஊற்றாமல் இருந்தால் நடக்கிற கணக்கு. அதனால் மறுநாளிலிருந்து கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னேன். இது கோழைத்தனம் இல்லை, மழையைப் பார்க்கிறவன் நனைந்துகொண்டே பார்க்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக் கடைக்கும் இதே கணக்கு. 2019 தொடக்கத்திலிருந்து கடைகளில் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று ஆனபின், புகைக்கிறவர்கள் எல்லாம் தே தாரிக்கை முடித்துவிட்டுச் சாலையோர மரத்தடியில் கூடுகிறார்கள். கடைக்குள் நல்லபடி உட்கார்ந்திருந்தவன் அந்த மரத்தடிக்குப் பேசப் போனால் எண் இரண்டு மடங்காகும். புதிதாகப் பழகுகிற முதல் இரண்டு மூன்று வாரம் பேச்சைக் கடைக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம்.

எங்கே தப்பு நடக்கிறது

பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு ஒன்றுதான், நானும் செய்தேன். தவிப்பை விரட்டுவதற்காகவே அதைப் பார்ப்பது. வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகச் செய்வது போலத்தான் இருக்கும், உட்கார்ந்திருக்கிறார், மூச்சைக் கவனிக்கிறார். ஆனால் உள்ளே 'போச்சா? இன்னும் போகலையா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க மூன்று அடையாளம். அரை நிமிஷத்துக்கு ஒருமுறை மணி பார்ப்பீர்கள், தாடை இறுகியிருக்கும், எண் குறையாவிட்டால் கோபம் வரும். நினைக்காதே என்று மனசுக்குச் சொன்னால் அதையே நினைக்கும் என்பது நமக்கும் தெரிந்த கதைதான், மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்றார்களாம். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் வெள்ளைக் கரடியை வைத்து இதையே சோதித்துக் காட்டினார். நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் மனசில் கரடி வந்துகொண்டே இருந்தது.

அப்படி இறுகியிருப்பது தெரிந்தால் தாடையைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள், 'இன்னும் பத்து நிமிஷம் நீ இங்கேயே இரு, எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று அந்தத் தொண்டைக் கிழங்கிடம் சொல்லிப் பாருங்கள். சிரிப்பு வரும், பரவாயில்லை.

இதற்கு மார்லாட்டும் சாரா போவனும் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நல்ல சான்று. சிகரெட் பிடிக்கும் 123 கல்லூரி மாணவர்களைக் கொண்டுவந்து, சிகரெட்டைக் கண்முன் வைத்துத் தவிப்பைக் கிளப்பினார்கள். ஒரு பாதிப் பேருக்கு இந்தப் பார்க்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. தவிப்பின் அளவில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அடுத்த ஏழு நாளில், பழகியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகப் பிடித்தார்கள். அதாவது எண் குறைவது இந்த முறையின் வேலை அல்ல. எண் 8 ஆக இருக்கும்போதும் கை பைக்குப் போகாமல் இருக்கலாம் என்று கண்டுகொள்வதுதான் வேலை. எட்டிலேயே நின்றுவிட்டு, அப்படியே எடைமேடைக்கு வண்டியை ஏற்றிய நாளும் வெற்றி நாள்தான்.

இன்னொரு வகை ஆட்களுக்கு உடம்புக்குள் பார்ப்பதே ஒத்துக்கொள்ளாது. நெஞ்சைக் கவனித்ததும் படபடப்பு கூடி, மூச்சு முட்டி, பயம் பிடிக்கும். பழைய அதிர்ச்சி ஏதாவது இருப்பவர்களுக்கு இது நடக்கலாம். பல்லைக் கடித்துத் தொடர வேண்டாம். கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதை உணர்ந்து, சுற்றி இருக்கிற பச்சை நிறப் பொருள்களை எண்ணுங்கள், எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. மறுபடி மறுபடி அப்படி ஆனால் தனியாகச் செய்யாமல் தெரிந்த ஒருவரிடம் போவது நல்லது.

இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டியது

எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பிடிப்பவருக்கு உடம்பின் பிடிமானம் பலமானது. அவர் இந்த முறையை மட்டும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தான்களில் சிகரெட்டை நிறுத்த உதவும் சேவை இருக்கிறது, நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பற்றி அங்கே கேட்கலாம். மருந்து மழையின் வேகத்தைக் குறைக்கும், பார்க்கிற பழக்கம் மிச்சத்துக்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. முழுசாக நிறுத்தினால் முதல் மூன்று நாள் மிகக் கடினம், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணியும். அதற்குப் பிறகு வருகிற தவிப்பு இடத்தையும் சத்தத்தையும் பிடித்துக்கொண்டு வருவது.

ஒரு வேளையில் பழகிய பிறகு இரண்டாவது வேளையைச் சேருங்கள். மச்சான் முதல் பத்து நாள் மில் வரிசையில் மட்டும் செய்தான், மற்ற சிகரெட்டுகளைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். என் அக்காள், 'இது என்ன நோன்பு, பாதி நாள் விரதம்' என்று கிண்டல் செய்தாள். இரண்டாவதாக அவன் சேர்த்தது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சிகரெட். காலைச் சிகரெட்டுக்குக் கடைசியில், கிளினிக்கில் ஒட்டுப்பட்டை வாங்கிய பிறகுதான் போனான்.

நடுவில் சறுக்கினான். ஐந்தாவது வாரம், தோட்டத்தில் திருவிழா. நண்பர்களோடு நின்றபோது ஒன்றைப் பிடித்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் மனசில் ஓடியது: 'அவ்வளவுதான், கெட்டுப்போச்சு, இனி என்ன, பெட்டியையே முடிச்சிடலாம்.' அந்த இரவு பதினொன்று பிடித்தான். முதல் சிகரெட் தவிப்பால் வந்தது. மற்ற பத்தும் அந்த 'கெட்டுப்போச்சு' என்ற எண்ணத்தால் வந்தவை. ஒரு தடவை சறுக்குவது வேறு, பழைய பழக்கத்துக்கே முழுசாகத் திரும்பிப் போவது வேறு என்று மார்லாட் பிரித்துச் சொன்னது இதைத்தான். மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தவன் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். "கெட்டுப்போச்சுன்னு தோணினப்ப அது உடம்புல எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வயித்துல மாமா, சூடா" என்றான். சரி, அதுவும் ஒரு தவிப்புதான், அதையும் இதே மாதிரி பார்க்கலாம் என்று சீட்டில் எழுத வைத்தேன்.

இப்போது அவன் விட்டு ஏழு மாதம். ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் இன்னமும் 2 வருகிறது என்கிறான், மழை நாளில் 3. எழுதி வைப்பதை நிறுத்திவிட்டான். எடைச் சீட்டையெல்லாம் ஒழுங்காக ஆபீசில் கொடுத்துவிடுகிறான்.